பிக்கப் நின்ற இடம்

"என் வண்டியத் தூக்கினது நீங்கதானே?"

போனை எடுத்ததும் இதுதான் முதல் வார்த்தை. வணக்கம் இல்லை. பெயர் இல்லை. பின்னால் யாரோ கடப்பாரையால் கல்லில் குத்தும் சத்தம் மட்டும்.

ஷாஜியா எண்ணைப் பார்த்தாள். தெரியாத எண். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கல்யாணப் பெண்ணின் நெற்றிச் சுட்டியைச் சரி செய்துகொண்டிருந்தவள், மவுஸை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாருங்க நீங்க? இது ஃப்ளெக்ஸ் கடை. கள்ளக்குறிச்சி."

"தெரியும்க்கா. போர்டு மூலையில உங்க நம்பர்தான் போட்டுக்கீது. நான் கரியாலூர்லேர்ந்து பேசறேன். வெற்றிவேல். எங்க வூட்டாண்ட, வளைவுல, ரோட்டுக்குத் தடுப்பு போடப் போறோம்னு பெருசா ஒரு போர்டு வெச்சிருக்காங்க. அதுல 'இப்போது'னு ஒரு படம். அந்தப் படம் புடிக்கறப்ப என் பிக்கப் அங்கதான் நின்னுச்சு. நானே பாத்தேன். இப்ப படத்துல வண்டியக் காணோம்."

ஷாஜியாவுக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா இவ்வளவு கோபம்?

"படம் சுத்தமா இருக்கட்டும்னு எடுத்தோங்க. நம்பர் பிளேட்டெல்லாம் தெரியும்ல, அதான். உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகல."

"வண்டி போவட்டும்க்கா. வழியையும் சேத்து எடுத்துட்டீங்களே! அங்க எங்க வூட்டுக்கு எறங்கற வழி இருக்குது. உங்க படத்துல அந்த எடத்துல நல்லா வரிசையா கல்லு நிக்குது. ஓவர்சியர் போர்டைக் காட்டிக் கேக்கறாரு, 'ரெண்டு மாசத்துக்கு முன்ன இங்க கல்லு இருந்துது, இப்ப இல்ல, நீதானே புடுங்கினே?'னு. நாளைக்கு அந்த எடத்துல கம்பம் நடறாங்களாம். வழியும் போச்சு, மேல கேஸும் வரும்ன்றாரு."

கடப்பாரைச் சத்தம் நின்றது. யாரோ அதட்டினார்கள். லைன் அறுந்துபோனது.

ஷாஜியா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

*

அந்தப் படம் அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. மறக்கிற வேலையா அது?

தீனதயாளன் கொண்டுவந்தது. சாலைத் தடுப்பு, நடைபாதை, விளக்குக் கம்பம் இதற்கெல்லாம் வரைபடம் போட்டுக் கொடுக்கிற தனி ஆபீஸ் வைத்திருப்பவர். துருகம் சாலையில் அன்சர் ஃப்ளெக்ஸ் கடை திறந்த நாளிலிருந்து விடாத வாடிக்கை. கீழே அன்சர் பிரிண்ட் போடுவான். மாடியில் அவன் மனைவி ஷாஜியா படங்களைத் திருத்துவாள்.

"இந்த பிக்கப்பை மட்டும் எடுத்துடும்மா. சுத்தமான ரோடு வேணும். அது மேலதான் நான் தடுப்பை வரைஞ்சு காட்டணும்." அவ்வளவுதான் சொன்னார்.

மலைச் சாலை. இடது பக்கம் பள்ளம். அந்த ஓரத்தில் கறுப்பு வெள்ளை அடித்த கல் வரிசை, அதை ஒட்டி ஓரக்கோடு, நடுவில் விட்டு விட்டு வெள்ளைக் கோடு. காலை வெயில் இடப்பக்கமிருந்து அடித்தது. ஓரமாக ஒரு வெள்ளை பிக்கப் நின்று, கல்லையும் ஓரக்கோட்டையும் மறைத்து, தன் நிழலை நடுக்கோடு வரைக்கும் நீட்டியிருந்தது.

முதலில் குறுக்கு வழியைத்தான் முயன்றாள். வண்டியைச் சுற்றிக் கோடு போட்டு, தானாக நிரப்பச் சொன்னால், இப்போதெல்லாம் சாஃப்ட்வேரே யோசித்து நிரப்பித் தருகிறது. நிரப்பியது. பிக்கப் போய், அந்த இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது!

அன்சர் விழுந்து விழுந்து சிரித்தான். "பரவால்ல, டிரைவர் இல்லாம வருது. சவாரி ஏத்தலாம்."

காரணம் அவளுக்குப் புரிந்தது. வண்டியை மட்டும் வெட்டியிருந்தாள், நிழலை விட்டுவிட்டாள். நிழல் இருந்தால் அதற்குச் சொந்தக்காரன் ஒருவன் இருக்க வேண்டும் என்று இயந்திரம் நினைத்துக்கொண்டது. நிழலையும் சேர்த்து வெட்டிக் கொடுத்தாள். இந்த முறை வண்டி வரவில்லை. ஆனால் கறுப்பும் வெள்ளையும் கரைந்து சாம்பலாகி, கல் வரிசை பாம்பு மாதிரி நெளிந்தது. தார் மழுமழுவென்று சிமெண்ட் பூசியது போல் ஆனது.

சரி, கையால்தான் என்று இறங்கிவிட்டாள்.

கல்லின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, ஓரக்கோடு, நடுக்கோடு. நான்கின் மேலும் நேர்க்கோடு இழுத்து நீட்டினாள். நேராகப் போகிற வரைக்கும் எல்லாம் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன. அந்தப் புள்ளி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்புறம் வைக்கிற எதுவும் அந்தக் கோடுகளைத் தாண்டக் கூடாது.

தாருக்கு, வண்டி நின்ற அதே தூரத்தில் பக்கத்துத் தடத்திலிருந்து எடுத்தாள். கிட்டத்தில் இருக்கிற ஜல்லி பெரிதாகத் தெரியும், தூரத்து ஜல்லி பொடியாகத் தெரியும். கிட்டத்துத் தாரைத் தூக்கித் தூரத்தில் ஒட்டினால் கண் உடனே பிடித்துவிடும். நிழலில் மறைந்த நடுக்கோட்டுத் துண்டுக்கு, முன்னால் இருக்கிற துண்டையும் பின்னால் இருக்கிற துண்டையும் அளந்து, இரண்டுக்கும் நடுவான நீளம் கொடுத்தாள். ஓரக்கோடு வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் பளிச்சென்று இருந்தது, இரண்டையும் இணைத்தாள். கல் வரிசைக்குப் பக்கத்துக் கற்களையே நகலெடுத்து, தூரம் போகப் போகச் சுருக்கி, கறுப்புக்கு அடுத்து வெள்ளை வருகிற மாதிரி பொருத்தினாள். கல்லின் அடியில் விழும் மெல்லிய நிழலைக் கூட மறக்கவில்லை.

சக்கரத்தருகே தாரின் மேல் வளைந்து வளைந்து செம்மண் சேறு படிந்திருந்தது. அசிங்கம். அதையும் துடைத்தாள்.

கடைசியாகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பழகிய கண்ணுக்குத் தெரியாத தப்பு, திருப்பினால் தெரியும். எதுவும் தெரியவில்லை. அங்கே ஒரு வண்டி நின்றது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதுதான் இப்போது தொல்லை.

*

"சார், அந்தக் கரியாலூர் படம்..."

"பிரமாதம்மா!" தீனதயாளன் குரலில் உற்சாகம். "ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்க, யார் பண்ணதுனு."

"சார், அதுல நான் வெச்ச கல்லு நெசத்துல அங்க இல்லயாம். வூட்டுக்கு எறங்கற வழியாம்."

தீனதயாளன் குரலில் உற்சாகம் இறங்கியது.

"நீ வெச்ச கல்லா? நான் வண்டியத்தானேம்மா எடுக்கச் சொன்னேன். கல்லு வைக்கச் சொல்லலயே."

"எடுத்தா அந்த எடம் ஓட்டையா நிக்கும் சார். ஏதாவது வெச்சுத்தான் ஆகணும்."

"பின்னாடி என்ன இருக்கோ அத வைக்க வேண்டியதுதானே?"

"படத்துல பின்னாடினு ஒண்ணு கெடையாது சார். கேமரா பாக்காதது எதுவும் அதுல இல்ல. பக்கத்துல இருக்கறத வெச்சு நானா யூகிச்சதுதான். நீங்க அது மேல தடுப்பு வரையத்தான் கேட்டீங்க. 'இப்போது'னு போர்டுல போடுவீங்கனு எனக்குத் தெரியாது."

தீனதயாளன் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர். "எங்க ஆபீஸ் பையன் நீளம் அளக்கற சக்கரத்தை உருட்டிக்கினு போனான். பிக்கப் நின்னுச்சு, சுத்திக்கினு போயிட்டான். நீளம் சரியாத்தான் வந்துது. வழி இருக்குன்னு அவனும் பாக்கல, நானும் பாக்கல." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஷாஜியா, ஒண்ணு யோசி. அந்த ஆள் நெசமாவே கல்லைப் புடுங்கிட்டு இப்ப உன்னையக் கோத்து வுடறானோ என்னவோ? ஆர்டர் ஆயிடுச்சு. இரும்பு போய் எறங்கிடுச்சு. தெரியாத விஷயத்துல நாம எதுக்குத் தலைய வுடணும்?"

போன் வைக்கப்பட்டது.

தெரியாத விஷயம். அதுவும் நியாயம்தானே? ஒருவன் போனில் கத்தினான் என்பதற்காக அவன் சொல்வது உண்மையாகிவிடுமா?

ஷாஜியா பழைய ஃபோல்டரைத் திறந்தாள். திருத்துவதற்கு முந்தைய அசல் படம் இருந்தது. பிக்கப் அப்படியே நின்றது. அதன் வயிற்றுக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், கன்னங்கரேல் என்று ஒரு பட்டை இருட்டு. அன்று அதை அவள் பார்க்கவே இல்லை. அழிக்கப் போகிற பொருளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் குனிந்து பார்ப்பார்கள்?

இருட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக்கினாள். கேமராவிலிருந்து வந்த சுருக்காத ஃபைல். இருட்டுக்குள்ளும் விவரம் பாக்கி இருந்தது. மணல் தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக எழுந்தது. அதற்குள்ளே...

கறுப்பு வெள்ளை வர வேண்டிய இடத்தில் வெள்ளையே இல்லை. இந்தப் பக்கம் கல் வரிசை முடிந்தது. அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பித்தது. நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சரிவு, பள்ளத்தைப் பார்த்து இறங்கியது.

அந்தச் செம்மண் சேறும் இப்போது அசிங்கமாகத் தெரியவில்லை. சரிவிலிருந்து ஏறி ரோட்டுக்குத் திரும்புகிற டயரின் தடம் அது.

வண்டி தன் வீட்டு வழியின் வாயிலேயே நின்றிருக்கிறது.

"என்னங்க!" என்று கீழே பார்த்துக் கூப்பிட்டாள். "மெஷினை நிறுத்துங்க. கரியாலூர் போணும்."

"இப்பவா? இன்னாத்துக்கு?"

"நான் வெச்ச கல்லைப் புடுங்க."

*

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறியதும் காற்று குளிர்ந்தது. அன்சர் பைக்கை ஓட்டிக்கொண்டே புலம்பினான்.

"தீனதயாளன் சாரு இனிமே நம்ம கடைப் பக்கம் வர மாட்டாரு."

"வருவாரு. இந்த வேலைக்கு அவருக்கு வேற ஆள் கிடையாது."

"நல்லா செஞ்சதுதான் தப்பாப் போச்சு. சுமாரா செஞ்சிருந்தா ஓவர்சியரே கண்டுபுடிச்சிருப்பாரு."

ஷாஜியா அசல் படம் இருந்த லேப்டாப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஏறுகிற வழி முழுக்க அது கூடவே வந்தது.

வளைவு வந்தது. போர்டு வந்தது. ஆள் உயரத்தை விடப் பெரிதாக இரண்டு படங்கள், பக்கத்தில் பக்கத்தில்: 'இப்போது', 'பணி முடிந்த பின்'. அதற்கு எதிரே, பள்ளத்து ஓரத்தில், இரும்புத் தகடுகள் அடுக்கியிருந்தார்கள். கம்பம் நடுகிற குழிகள் ஒரே வரிசையாக வந்துகொண்டிருந்தன. வந்து, ஓரிடத்தில் நின்றுவிட்டன.

ஏனென்றால் அந்த இடத்தில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வெற்றிவேலின் மனைவி விஜயலட்சுமி. அவளுக்குப் பின்னால் சிமெண்ட் பூசிய சரிவு இறங்கி, ஒரு மண் வழியாகி, கீழே ஓட்டு வீட்டின் முன் நின்ற வெள்ளை பிக்கப் வரைக்கும் போயிற்று.

மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓவர்சியர் அய்யப்பன். தொப்பி மடியில். முகத்தில் களைப்பு.

"அந்தம்மா காலைலேர்ந்து ஒரே கிழங்கை உரிச்சுக்கினு கீது," என்றார் பொதுவாக.

"கெழங்கு பெருசு சார்," என்றாள் விஜயலட்சுமி, தலையைத் தூக்காமல்.

வெற்றிவேல் ஓடிவந்தான். முப்பது வயதிருக்கும். போனில் கத்தியவன் இவனா என்று தோன்றும்படி பணிவான முகம். "வந்துட்டீங்களாக்கா? சார், இவங்கதான் சார் வண்டிய எடுத்தவங்க!"

அய்யப்பன் ஷாஜியாவை மேலும் கீழும் பார்த்தார். "உக்காரும்மா. இன்னா விஷயம்?"

ஷாஜியா சொன்னாள். வண்டியை எடுத்ததையும் கல் வைத்ததையும், அளவு எடுத்த பையன் வண்டியைச் சுற்றிப் போனதையும் ஒளிக்காமல் சொன்னாள். லேப்டாப்பைத் திறந்து அசல் படத்தைக் காட்டினாள்.

அவர் பொறுமையாகப் பார்த்தார். "சரி. வண்டி நிக்குது. வண்டிக்கு அந்தாண்ட கல்லு இருந்துதா இல்லையா, இதுல எப்பிடித் தெரியும்?"

இருட்டுப் பட்டையை வெளிச்சமாக்கிக் காட்டினாள். சாம்பல் சரிவு எழுந்து வந்தது.

அய்யப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சிரித்தார்.

"ஏம்மா, கோவிச்சுக்காதே. இல்லாத கல்லையே இவ்ளோ அழகா வெச்சவ நீ. ரெண்டு மாசமா இந்தப் போர்டை நான் தினம் பாக்கறேன், எனக்கே தெரியல. அப்பிடிப்பட்ட நீ, இருக்கற கல்லை எடுத்துட்டு ஒரு சரிவைப் போட எவ்ளோ நேரம் ஆவும்? போன் வந்துது, உக்காந்து செஞ்சே, எடுத்துக்கினு வந்துட்டியோனு நான் நெனச்சா தப்பா?"

அன்சருக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், நாங்க ஏன் சார் பொய்—"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் ஷாஜியா. அவர் கேட்டது சரியான கேள்வி.

"ஊர்ல யாரையாவது கேளுங்க சார்," என்றான் வெற்றிவேல். "கல்லு போட்டப்பவே மேஸ்திரிகிட்ட சொல்லி எங்க மாமனாரு வழி வுட வெச்சாரு. அப்பவே சிமெண்டும் பூசினோம்."

"உன் ஊர்ல எல்லாரும் உனக்கு மாமன் மச்சான். யாரைக் கேட்டாலும் அதான் சொல்லுவான். ஃபோட்டோ இருக்குதா?"

இருந்தது. வெற்றிவேலின் போனில் நிறைய இருந்தது. ஆயுத பூஜைக்கு மாலை போட்ட பிக்கப். வாங்கிய அன்று எலுமிச்சம்பழத்தோடு பிக்கப். குழந்தையை பானெட்டில் உட்கார வைத்த பிக்கப். எல்லாம் இதே இடம். எல்லாவற்றிலும் பிக்கப் வழியை அடைத்துக்கொண்டு கம்பீரமாக நின்றது.

"நல்லா மறைச்சிருக்கே," என்றார் அய்யப்பன்.

"எப்பப் பாரு வண்டியக் கட்டிக்கினு அழு," என்றாள் விஜயலட்சுமி புருஷனிடம். "ஒரு தபாவாவது என்னைய நிக்க வெச்சு எடுத்திருக்கியா? நான் இன்னா அவ்ளோ அகலமா இருக்கறேன், வழியே தெரியாதபடிக்கு?"

குழி தோண்டுகிறவர்கள் சிரித்தார்கள். அய்யப்பன் கூடச் சிரித்தார். ஆனால் கைகாட்டியது குழி வரிசையை நோக்கித்தான். "பேச்சு நல்லாத்தான் இருக்குது. எனக்கு மேலேர்ந்து கேட்டா நான் இந்தப் போர்டைத்தான் காட்டணும். அதுல வழி கெடையாது. புதுசா வழி வேணும்னா அவங்க மனு குடுத்துக்கட்டும். நாளைக்குக் காலைல இங்க கம்பம் நிக்கும்."

விஜயலட்சுமியின் கத்தி நின்றது.

கம்பம் நின்றுவிட்டால் பிக்கப் மேலே வராது. கீழே இருக்கிற கிழங்கு மூட்டைகள் எல்லாம் தலைச்சுமையாக ஏற வேண்டும். வளைவில் வண்டியை நிறுத்தவும் கூடாது.

ஷாஜியா லேப்டாப்பை மூடினாள். இதிலிருந்து எதைக் காட்டினாலும் அது அவள் கையில் இருக்கிற பொருள். அவள் கை பட்டால் எதுவும் மாறும் என்று இந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது. அவள் கை எட்டாத ஒன்று வேண்டும்.

நிமிர்ந்தாள். எதிரே போர்டு நின்றது.

அதில் இனி அவளால் ஒரு புள்ளியைக் கூட மாற்ற முடியாது.

எழுந்து போய் 'இப்போது' படத்துக்கு முன் நின்றாள். திரையில் விரல் நீளத்துக்குப் பார்த்த கல், இங்கே ஃப்ளெக்ஸில் முழங்கை நீளத்துக்கு நின்றது. கீழ் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வெள்ளைக் கல்லின் மூலை உடைந்து, முக்கோணமாக உள்ளே சாம்பல் தெரிந்தது. அதற்கு அடுத்த கறுப்புக் கல்லில் வழிந்த சுண்ணாம்பு, இரண்டு கால் வைத்த மாதிரி.

கொஞ்சம் தள்ளி, மறுபடி ஒரு முக்கோணம். மறுபடி இரண்டு கால்.

அவளுக்குக் காது சுட்டது. அவசரத்தில் விட்டது. வேறு எந்தப் படமாக இருந்தாலும் ஒன்றை அழித்திருப்பாள். கறுப்பு வெள்ளை, கறுப்பு வெள்ளை என்று வருவதால் யார் கண்ணுக்கும் படாது என்று நினைத்திருந்தாள்.

"சார், கொஞ்சம் வர்றீங்களா?"

அய்யப்பன் வந்தார்.

"இந்த ஒடஞ்ச மூலை தெரியுதா? அந்தக் கல்லு நெசமாவே அங்க இருக்குதா பாருங்க."

அவர் திரும்பி ரோட்டோரக் கல்லைப் பார்த்தார். இருந்தது. வெள்ளைக் கல், முக்கோண உடைசல். பக்கத்தில் வழிந்த சுண்ணாம்பு.

"இருக்குது."

"இப்ப படத்துல இன்னொண்ணு பாருங்க. அதே ஒடசல். அதே சுண்ணாம்பு. ஒரே மாதிரி, சின்னதா." விரலை வைத்துக் காட்டினாள். "ஒரு கல்லு ரெண்டு எடத்துல நிக்காது சார். இது முன்னாடி இருக்கற கல்லை நகலெடுத்து நான் வெச்சது. இந்த முக்கோணத்துலேர்ந்து வண்டி மறைச்ச கடைசி வரைக்கும் எல்லாமே நான் வெச்சது. போர்டு வெச்சு ரெண்டு மாசம் ஆவுது. இன்னைக்கு வந்த போனுக்காக நான் இத மாத்தியிருக்க முடியாது."

அய்யப்பன் ஃப்ளெக்ஸுக்கு மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றார். இங்கே பார்த்தார். அங்கே பார்த்தார். மறுபடி இங்கே.

"ஓகோ," என்றார்.

அந்த 'ஓகோ'வில் ஏதோ மாறியிருந்தது. இதுவரை படத்தை நம்பி ரோட்டைப் பார்த்தவர், முதல்முறையாக ரோட்டை நம்பிப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இந்த ஓரக்கோடு?" என்று திடீரென்று கேட்டார்.

"அதுவும் வண்டி மறைச்ச எடம் வரைக்கும் நான் போட்டதுதான் சார். ரெண்டு பக்கமும் பளிச்சுனு இருந்துது, நடுவுலயும் அப்பிடியே இருக்கும்னு இணைச்சேன்."

அவர் விறுவிறுவென்று ரோட்டுக்கு நடந்தார். சரிவின் வாயில், விஜயலட்சுமியின் கிழங்குத் தோலுக்குப் பக்கத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தாரில் படிந்திருந்த மண்ணைக் கையால் தள்ளினார்.

ஓரக்கோடு அங்கே இருந்தது. ஆனால் இரண்டு இடத்தில் இல்லை. சக்கரம் திரும்புகிற அகலத்துக்கு, இரண்டு பட்டையாக, தார் தெரியும் வரைக்கும் தேய்ந்திருந்தது. விளிம்புகள் வழவழவென்று மழுங்கியிருந்தன.

நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஏம்பா," என்றார் யாரையும் பார்க்காமல், "இது காய்ச்சி ஊத்தின பெயிண்டு. சாதா பெயிண்டு கெடையாது. இத எங்க ஆளுங்கதான் ஊத்தினாங்க. ரெண்டு மாசத்துல இப்பிடித் தேயாது. ரெண்டு வருஷம் ஒரே எடத்துல சக்கரம் திரும்பினாத்தான் இப்பிடி ஆவும்." எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "படத்துல முழுசா இருக்குது, இங்க தேஞ்சு கெடக்குது. நான் தினம் இத மிதிச்சுக்கினுதான் போறேன். போர்டைப் பாத்துட்டு, கீழ பாக்கல."

அன்சர் மெல்ல, "போர்டு கிளீனா இருக்குல்ல சார்," என்றான்.

"வாய மூடுங்க பாய்," என்றார் அய்யப்பன். கோபம் இல்லை.

போனை எடுத்தார். "தீனதயாளன் சாரா? நான் கரியாலூர்லேர்ந்து. உங்க படம் எனக்கு ஆவாது... இல்ல சார், படம் அழகா இருக்குது, அதான் பிரச்சினை... ஆமா, அந்தம்மா இங்கதான் இருக்குது... இல்ல, அதும் மேல கோவப்படாதீங்க. உங்க பையன் சக்கரத்தை உருட்டிக்கினு வண்டியச் சுத்திப் போயிட்டான், நான் அளந்து பாக்காம கையெழுத்துப் போட்டேன். யார் யாரைக் கோவிக்கறது? வழி வுட்டு வரைஞ்சு, திருத்தி அனுப்புங்க. வேலைய நான் நிறுத்தல, இந்த எடத்தைத் தாண்டி அந்தாண்ட ஆரம்பிக்கறேன்."

வைத்துவிட்டு வெற்றிவேலைப் பார்த்தார். "வழி எவ்ளோ அகலம் வேணும்?"

"இருக்கற அகலம் போதும் சார்."

"இருக்கறது கல்லுக்குப் போதும். தடுப்பு வந்தா போதாது. ரெண்டு முனையிலயும் இரும்பு நீட்டிக்கினு நிக்கும், திரும்பறப்ப வண்டி ஒரசும். போ, லோடு ஏத்தினாப்ல நெனச்சுக்கினு மேல ஓட்டிக்கினு வா. ஏம்மா, எந்திரிக்கறியா?"

விஜயலட்சுமி உடனே எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த கிழங்கைக் கூடையில் போட்டாள். தோலையெல்லாம் முந்தானையில் வாரிக்கொண்டாள். அப்புறம்தான் எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. ஷாஜியாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே இன்ஜின் உறுமியது. பிக்கப் மண் வழியில் குலுங்கிக்கொண்டு ஏறி, சிமெண்ட் சரிவில் மூக்கைத் தூக்கி, ரோட்டுக்கு வந்து இடப்பக்கம் ஒடித்தது. பின் சக்கரம் கல் முனைக்கு ஒரு கை தள்ளிப் போயிற்று. அய்யப்பன் கடப்பாரை முனையால் தரையில் ஒரு கோடு கீறி, அதன் மேல் சுண்ணாம்புப் பொடி போட்டார்.

"கம்பம் இங்க."

"இன்னும் கொஞ்சம் அந்தாண்ட சார்," என்றாள் விஜயலட்சுமி. "அது காலி வண்டி. மூட்டை இருந்தா பின்னாடி தள்ளும்."

அவர் அவளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்துவிட்டு, இன்னும் ஓரடி தள்ளிப் போய் நின்றார்.

"ரிவர்ஸ் எடுத்து இன்னொரு தபா வா!" என்று வெற்றிவேலுக்குக் கை காட்டினார்.